பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும்: 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலும் மூன்று அறைச் சாப்பாட்டுப் பெட்டியும்

தண்ணீர்ப் போத்தல், 750 மில்லிலீற்றர், இரட்டைச் சுவர். விலை 3,950 ரூபாய்.

இந்தப் போத்தலில் தண்ணீர் படும் உட்சுவர் 304 தரத் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனது. ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த இந்த உருக்கை உணவுப் பாத்திரங்களுக்கு நீண்ட காலமாகவே பயன்படுத்துகிறார்கள். வெளிச்சுவர் 201 தரம். அதில் நிக்கல் குறைவு. ஆனால் குடிக்கும் நீர் அதைத் தொடுவதில்லை. மூடியின் உட்பக்கம் பொலிபுரொப்பிலீன். முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வாசர் சிலிக்கோன். பொலிபுரொப்பிலீன் தயாரிப்பில் பிஸ்பீனோல் ஏ சேர்க்கப்படுவதில்லை. உணவுக்குப் பாதுகாப்பானது என்று நாங்கள் சொல்வது இந்த மூன்று பகுதிகளையும் பற்றித்தான். வெளியே பூசிய நிறத்துக்கு அந்த உறுதியை நாங்கள் தரவில்லை. இதற்கு எஸ்.எல்.எஸ். குறியும் பெறப்படவில்லை என்பதால் பெட்டியில் அதைத் தேட வேண்டாம்.

மூடியை இறுக்கிப் பூட்டினால் புத்தகப் பையில் போத்தல் சரிந்து கிடந்தாலும் தண்ணீர் கசியாது. விற்பனைக்கு எடுப்பதற்கு முன்னர் நீர் நிரப்பி, காகிதத்தின் மேல் இரவு முழுவதும் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம், காகிதம் நனையவில்லை. இந்த உறுதி வாசர் தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கும் வரைக்கும்தான். கழுவிய பின் அதை முறுக்கி மாட்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் மேலே எழும்பி நின்றாலோ, மூடி எவ்வளவு இறுகியிருந்தாலும் நீர் ஊறும். சோடா போன்ற வாயு நிறைந்த பானங்களை இதில் அடைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் கூடி, திறக்கும்போது மூடி முகத்தை நோக்கிப் பாயக்கூடும். காலையில் ஊற்றிய பால் தேநீரைப் பின்னேரம் வரை வைத்துக் குடிப்பதும் நல்லதல்ல, ஏனெனில் மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் பாலில் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

உறைநிலைப் பெட்டியில் வைத்தால் நீர் உறைந்து விரிந்து அடிப்பாகம் புடைக்கும். இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் கெட்டுவிட்டால் பிறகு சூடும் நிற்காது, குளிரும் நிற்காது.

சாப்பாட்டுப் பெட்டி, மூன்று அறைகள், 1 லீற்றர், சொதிக் கிண்ணத்துடன். விலை 3,250 ரூபாய்.

தட்டு முழுவதும் 304 உருக்கு, மூடி பொலிபுரொப்பிலீன், மூடியைச் சுற்றி ஓடும் பட்டி சிலிக்கோன். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்: பெட்டியின் வெளி விளிம்பு மட்டுமே கசிவைத் தடுக்கும். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மூடியைத் தொடுவதில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சம்பலும் வைப்பதில் சிரமமில்லை, ஆனால் பருப்புக் கறியைத் தண்ணீராக ஊற்றினால் பஸ் ஆட்டத்தில் அது மற்ற அறைகளுக்கும் ஏறிவிடும். அதற்காகவே திருகு மூடியுள்ள சிறு உருக்குக் கிண்ணம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். சொதியும் ரசமும் அதற்குள் போகட்டும், அதுவும் விளிம்பிலிருந்து ஒரு விரல் இடம் விட்டு.

ஆவி பறக்கும் சோற்றை அடைத்து உடனே பூட்டினால் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொள்ளும்; சின்னப் பிள்ளைகளால் திறக்க முடியாது. மூடியின் நடுவில் உள்ள சிலிக்கோன் குமிழைத் தூக்கினால் காற்று நுழைந்து மூடி தளரும். வீட்டிலேயே ஒருமுறை பிள்ளையைக் கொண்டு இதைச் செய்வித்துப் பாருங்கள். பெட்டியை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான கழுவல் முறை

முதற் பாவனைக்கு முன்னரும் பின்னர் தினமும் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பஞ்சால் கழுவுங்கள். சிலிக்கோன் வாசரைக் கழற்றிக் கழுவி, முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் நனைந்த வாசரின் அடியில் கறுப்புப் பூஞ்சை சீக்கிரமே பிடிக்கும், புதிய போத்தலில் எழும் கெட்ட மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. மணம் தங்கிவிட்டால் அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் கரைத்து, மூடாமல் அரைமணி நேரம் ஊறவையுங்கள். யாழ்ப்பாணத்துக்கு வாங்கி அனுப்புவோர் கவனிக்க: அங்குள்ள சுண்ணாம்பு கூடிய கிணற்று நீர் உட்சுவரில் வெள்ளைப் படிவை விடும், அது துரு அல்ல, தேசிக்காய்ச் சாறு கலந்த நீரில் கரைந்துவிடும்.

குளோரின் கலந்த வெளுப்பு நீரும் உருக்குக் கம்பி நாரும் வேண்டாம். உப்புக் கூடிய கறியையும் ஊறுகாயையும் இரவு முழுவதும் தட்டில் விட்டுவைத்தால் 304 உருக்கிலும் சிறு புள்ளி அரிப்புகள் தோன்றும். மஞ்சள் கறை வெள்ளைச் சிலிக்கோனில் ஏறும். அது சுகாதாரக் குறையல்ல, வெயிலில் காயவைத்தால் மங்கும். வாசர் வெடித்தாலோ தளர்ந்தாலோ மாற்று வாசரைத் தனியாக 150 ரூபாய்க்குப் பெறலாம். வாங்கி 7 நாட்களுக்குள் இயல்பான பாவனையில் கசிந்தால், எங்கள் வெள்ளவத்தைக் கடையில் பற்றுச்சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.