வேலைக்கு வர முடியலன்னா யார்கிட்ட, எத்தனை மணிக்குள்ள சொல்லணும்: நம்ம டிப்போ விதிமுறை

சுங்கை சிப்புட் டிப்போவுல வேலை செய்ற லோரி டிரைவர்கள், அட்டெண்டன்ட், வொர்க்‌ஷாப் ஆளுங்க, ஆபிஸ் ஸ்டாப் எல்லாருக்கும் இது பொருந்தும், வர்ற ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வருது. மலாய்ல ஒரு காப்பி பஞ்ச் கார்டு மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்கு, சூப்பர்வைசருங்க போன் நம்பரும் அங்கேயே இருக்கு. எல்லாரும் இன்னிக்கே நம்பரை சேவ் பண்ணிக்குங்க, அப்படியே வீட்டுல ஒருத்தர் போன்லயும் போட்டு வைங்க. உங்களுக்கு பேச முடியாத நாளுன்னு ஒண்ணு வந்தா அவங்கதான் கூப்பிடணும்.

ஏன் இதை எழுத வேண்டியதாச்சுன்னா, இப்போ ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றோம். ஒருத்தர் வாட்ஸப் குரூப்புல "இன்னிக்கு லீவு"ன்னு ராத்திரி போடுறாரு, அதுக்கு மேல நாப்பது குட் மார்னிங் படம் வந்து அது எங்கேயோ போயிடுது. இன்னொருத்தர் பக்கத்து வீட்டு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்புறாரு, அவரு மறந்துடுறாரு. தோட்டத்துல செம்பனைக் குலையை வெட்டி ரோட்டோரம் அடுக்கி வச்சிட்டு லோரிக்கு காத்துக்கிட்டு இருப்பாங்க. வெட்டின பழம் 24 மணி நேரத்துக்குள்ள மில்லுல வேகணும், தள்ளிப்போகப் போக எண்ணெயில அமிலம் ஏறி தரம் குறையும். ஒரு டிரைவர் வரலன்னு ஆறு மணிக்குத்தான் தெரிஞ்சா அந்த நேரத்துல ரிலீப் டிரைவரை எங்க போய் தேடுறது? அஞ்சு மணிக்கே தெரிஞ்சா ஆளைப் பிடிச்சிடலாம், முதல் டிரிப்பு கொஞ்சம்தான் லேட்டாகும்.

அதனால நேரம் இப்படி. ஆறு மணி ஷிப்ட் டிரைவரும் அட்டெண்டன்ட்டும் காலை 5 மணிக்குள்ள டிஸ்பேட்ச் சூப்பர்வைசருக்கு போன் பண்ணணும். வொர்க்‌ஷாப் எட்டு மணிக்கு, அதனால 7 மணிக்குள்ள போர்மேனுக்கு. ஆபிஸ் ஆளுங்க 7.30-க்குள்ள மேனேஜருக்கு. ராத்திரியே உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா ராத்திரியே சொல்லிடுங்க, பத்து மணிக்கு முன்னாடி கூப்பிட்டா எங்களுக்கு தொந்தரவே இல்ல, உண்மையில அதுதான் ரொம்ப உதவி.

போன்தான் முதல். எடுக்கலன்னா பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை, அப்பவும் எடுக்கலன்னா ஆபிஸ் கெராணிக்கு ஒரு கால், கூடவே சூப்பர்வைசரோட சொந்த நம்பருக்கு ஒரு மெசேஜ். இதைச் செஞ்சிட்டீங்கன்னா நீங்க சொன்னதா கணக்கு, போனை எடுக்காதது எங்க பிரச்சினை, அதுக்காக உங்கள ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். குரூப்புல மட்டும் போடுறது, கூட வேலை செய்றவர்கிட்ட சொல்லி அனுப்புறது, இதெல்லாம் சொன்னதா ஆகாது. தோட்டத்து உள்ளுக்குள்ள லைன் கிடைக்காத இடம் இருக்குன்னு எங்களுக்கும் தெரியும், அங்க குடியிருக்கிறவங்க லைன் கிடைச்ச உடனே கூப்பிட்டா போதும். வீட்டுக்காரம்மா, மகன், அண்ணன் தம்பி யாரு பேசினாலும் சரி.

என்ன சொல்லணும்? இவ்வளவுதான்: "அண்ணே, இன்னிக்கு வர முடியல, உடம்பு சரியில்ல, கிளினிக்குப் போறேன், நாளைக்கு வர முடியுமான்னு சாயங்காலம் சொல்றேன், லோரி சாவி கார்டு பெட்டியில இருக்கு." என்ன நோயின்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்ல, சூப்பர்வைசரும் தோண்டித் தோண்டி கேட்கக்கூடாது. சாவி விஷயத்தை மட்டும் மறக்காதீங்க, சாவி உங்க வீட்டுல இருந்தா ரிலீப் ஆளு வந்தும் லோரி நகராது.

எம்சி எடுத்த அன்னிக்கே ஒரு போட்டோ கெராணிக்கு அனுப்புங்க, ஒரிஜினலை வேலைக்கு வர்ற முதல் நாள் குடுங்க. பதிஞ்ச டாக்டர், பல் டாக்டர், கிளினிக் கெசிஹாதான், அரசாங்க ஆஸ்பத்திரி எது குடுத்தாலும் ஏத்துக்குவோம். டைம் ஸ்லிப் எம்சி ஆகாது, அது கிளினிக்குல இருந்த நேரத்துக்கு மட்டும்தான், அது முடிஞ்சதும் வேலைக்கு வரணும். 1955 வேலைச் சட்டப்படி சிக் லீவு ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள முதலாளிக்குத் தெரிவிக்கலன்னா, எம்சி கையில இருந்தாலும் அனுமதி இல்லாம வராத மாதிரிதான் எடுத்துக்குவாங்க. நம்ம 5 மணி, 7 மணி விதி டிப்போ ஓடுறதுக்காக, 48 மணி நேரம் உங்க சம்பளத்துக்காக. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அஞ்சு மணியைத் தவற விட்டாலும் எம்சி சரியா இருந்து 48 மணிக்குள்ள சொல்லியிருந்தா அன்னிக்கு சிக் லீவு சம்பளம் உண்டு. வருஷத்துக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள சர்வீஸ்னா 14 நாள், ரெண்டுலேர்ந்து அஞ்சுக்குள்ள 18, அஞ்சும் அதுக்கு மேலயும் 22. ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வந்தா அதுக்கு 60 நாள் தனியா இருக்கு.

டிரைவருங்களுக்கு ஒண்ணு. தலை சுத்துது, ராத்திரி பூரா தூங்கல, இருமல் மருந்து குடிச்சு கண்ணு சொக்குதுன்னா வண்டியை எடுக்காதீங்க. பழம் ஏத்தின லோரி வளைவுல கட்டுப்பாடு போனா உங்க உயிரு மட்டும் இல்ல, எதிர்ல பைக்குல ஸ்கூலுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவங்க உயிரும்தான். டிப்போவுக்கு வந்தப்புறம் முடியலன்னாலும் சொல்லலாம், அதுக்கு லெட்டரும் கிடையாது, திட்டும் கிடையாது. "எப்படியாவது ஒரு டிரிப்பு மட்டும் அடிச்சிட்டு வா"ன்னு எந்த சூப்பர்வைசராவது சொன்னா நேரா மேனேஜர்கிட்ட வாங்க.

வேலை நேரத்துல அடிபட்டா, இல்ல வீட்டுலேர்ந்து வர்ற வழியில, போற வழியில விபத்துன்னா, சின்னதோ பெருசோ உடனே சொல்லுங்க. பெர்கேசோவுக்கு நாங்க 48 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், நீங்க ரெண்டு நாள் கழிச்சு "அன்னிக்கே வலிச்சுது"ன்னு சொன்னா கிளைம் சிக்கலாயிடும்.

சாவு, பிள்ளைக்கு திடீர்னு முடியல, வீட்டுக்குள்ள வெள்ளம், இதுக்கெல்லாம் மணிக்கணக்கு பார்க்க மாட்டோம், முடிஞ்சப்போ ஒரு கால் பண்ணுங்க, மீதியை அப்புறம் பேசிக்கலாம். பைக்கு ரிப்பேர்னா அது முழு லீவு இல்ல, லேட்டா வருவேன்னு சொல்லுங்க, முடிஞ்சா ஆளை அனுப்பி ஏத்திக்கிட்டு வர்றோம்.

முன்கூட்டியே தெரிஞ்ச லீவுக்கு, அதாவது கல்யாணம், காதுகுத்து, பிள்ளைய யூனிவர்சிட்டியில சேர்க்கிறது, இதுக்கெல்லாம் ஏழு நாளுக்கு முன்னாடி பாரம் குடுங்க. தீபாவளி, தைப்பூசத்தை ஒட்டி கூட ரெண்டு நாள் வேணும்னா மூணு வாரத்துக்கு முன்னாடி, ஏன்னா அப்போ எல்லாரும் ஒரே நேரத்துல கேட்போம். போன வருஷம் பண்டிகைக்கு டியூட்டி பார்த்தவங்களுக்கு இந்த வருஷம் முதல் இடம். பாரத்துல கையெழுத்து ஆனாத்தான் லீவு, குடுத்துட்டா மட்டும் ஆகாது. மேனேஜர் ரெண்டு நாளுக்குள்ள பதில் சொல்லணும். மனைவிக்குப் பிரசவம்னா, கல்யாணமாகி இங்க 12 மாசமாவது வேலை செஞ்ச ஆம்பளைங்களுக்கு ஏழு நாள் லீவு இருக்கு, 30 நாளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

சொல்லாம வராத நாளுக்கு சம்பளம் இல்ல. லேட்டா சொன்னா முதல் தடவை சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பேசுவாரு, மூணு மாசத்துக்குள்ள மறுபடியும்னா எழுத்துல எச்சரிக்கை. அபராதம்னு சம்பளத்துல வெட்ட மாட்டோம். தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல அனுமதி இல்லாம வரலன்னா அது வேலை ஒப்பந்தத்தை முறிச்சதா சட்டம் எடுத்துக்கும். அப்படி ஆகாம இருக்கணும்னா நியாயமான காரணம் இருக்கணும், அதைச் சொல்லியிருக்கணும், இல்ல சொல்ல முயற்சியாவது பண்ணியிருக்கணும். அந்த நிலைமையிலயும் ரெண்டாவது நாளே நாங்க போன் பண்ணுவோம், வீட்டுக்கு ஆள் அனுப்புவோம், விசாரணை வச்சு உங்க தரப்பைக் கேட்காம யாரையும் நிறுத்த மாட்டோம்.

சந்தேகம் இருந்தா கெராணிகிட்ட கேளுங்க. படிச்சுக் காட்டச் சொன்னாலும் காட்டுவாங்க, அப்புறமா ரெஜிஸ்டர்ல பேருக்கு நேரா கையெழுத்துப் போடுங்க.