பொது மேசை ஒழுங்குவிதிகள்: கிளிநொச்சி அலுவலகம்

நடைமுறைக்கு வரும் நாள்: 2026 பெப்ரவரி 2, திங்கட்கிழமை

எமது அலுவலகத்தில் பணியாளர்கள் 26 பேர், மேசைகள் 16. கணக்காளரின் மேசையும் வரவேற்பு மேசையும் தவிர்ந்த 14 மேசைகளும் இனி யாருக்கும் சொந்தமானவையல்ல. பதவி, சேவைக்காலம் பார்த்து இடம் ஒதுக்கப்படாது. கிளை முகாமையாளரும் பதிவுசெய்தே அமர வேண்டும்.

மேசைகள்

1ஆம் மேசை சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் அருகில் உள்ளது. சக்கர நாற்காலி, செயற்கைக்கால், ஊன்றுகோல் பாவிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அதில் முன்னுரிமை உண்டு. மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படாது, காரணமும் விசாரிக்கப்படாது. ஒருவருக்கு அது நிரந்தரமாகத் தேவைப்பட்டால் நிர்வாக உத்தியோகத்தரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதும். இரண்டாமவருக்கும் தேவைப்பட்டால் 2ஆம் மேசை அதே முறையில் ஒதுக்கப்படும்.

5 முதல் 10 வரையான மேசைகளில் வெளித்திரையும் யூ.பி.எஸ். இணைப்பும் உள்ளன. கணக்கு, தரவுப் பதிவு, இணையவழிக் கூட்டம் உள்ளவர்கள் இவற்றை எடுக்கவும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இயங்கும்வரை மற்ற மேசைகளில் திரை அணைந்துவிடும். யூ.பி.எஸ். செருகியில் மின்விசிறி, கேத்தல், கைபேசிச் சார்ஜர் எதையும் மாட்டக் கூடாது. கேத்தல் ஒன்று இழுக்கும் மின்சுமைக்கே யூ.பி.எஸ். கூவி நின்றுவிடும், அந்த வரிசை முழுவதன் வேலையும் போகும்.

11 முதல் 14 வரை மேற்குச் சன்னல் ஓரம். காலையில் இதமாக இருக்கும், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு வெயில் நேராகத் திரையில் விழும். அரைநாள் வேலைக்கு இவை பொருத்தம்.

பதிவு

ஒவ்வொரு வியாழனும் நண்பகல் 12 மணிக்கு அடுத்த வாரத்துக்கான பகிர்வு அட்டவணை திறக்கும். பெயர், மேசை இலக்கம், முழுநாளா அரைநாளா (8.30–12.30 அல்லது 1.00–4.30) என்பதைப் பதியவும். வீட்டில் சிக்னல் கிடைக்காதவர்கள் வரவேற்பு மேசைக்கு அழைத்துச் சொல்லலாம், அங்கிருந்து பதிவார்கள். ஒருவர் வாரத்தில் குறைந்தது 2 நாள் அலுவலகம் வர வேண்டும். 3 நாளுக்கு மேல் முன்கூட்டிப் பதிய முடியாது. நான்காம் நாள் தேவையென்றால் அன்று காலை எஞ்சியிருக்கும் மேசையை எடுக்கலாம்.

தொடர்ந்து ஒரே மேசையை எடுப்பது தடையல்ல, ஆனால் மாதம் முழுவதற்கும் ஒரே தடவையில் பதியக் கூடாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று நாளும் பதிந்துவிட்டு இரண்டு நாள் மட்டும் வருவதுதான் இந்த முறையைக் கெடுக்கும் முதல் காரணம்: அட்டவணை நிறைந்திருக்கும், அறை வெறுமையாக இருக்கும், முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வரவேண்டியவர் இடமில்லை என்று வீட்டிலேயே நின்றுவிடுவார். சக பணியாளருக்காகப் பதிவதும் இதே வகைதான்.

வர முடியாவிட்டால் முதல்நாள் மாலை 6 மணிக்குள் பெயரை நீக்கவும். அவசரமென்றால் காலையில் ஒரு குறுஞ்செய்தி போதும். வந்ததும் அட்டவணையில் 'வந்தேன்' என்று குறிக்க வேண்டும். 9.30 வரை குறிக்கப்படாத மேசை மற்றவருக்குத் திறக்கும். பஸ், ரயில் தாமதம் என்று 9.30க்கு முன் அறிவித்தால் 10.30 வரை மேசை காத்திருக்கும். ஒரு மாதத்தில் மூன்று தடவை அறிவிக்காமல் வராதவர் அடுத்த இரண்டு வாரத்துக்கு முன்பதிவு செய்ய முடியாது, மிஞ்சும் மேசையை மட்டும் எடுக்கலாம்.

3ஆம், 4ஆம் மேசைகள் காலை 8.30 வரை யாராலும் பதிய முடியாதவை. மின்சார சபை அறிவித்த மின்தடையாலோ இணையம் அறுந்ததாலோ வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு அவை. செவ்வாய்க்கிழமை களப்பணிக் குழுவின் கூட்டநாள் என்பதால் 5 முதல் 8 வரையான மேசைகள் அக்குழுவுக்கே.

மேசையைப் பாரமெடுத்தலும் ஒப்படைத்தலும்

சுத்திகரிப்புப் பணியாளரின் வேலை தரை, கழிப்பறை, சமையலறை, குப்பைக்கூடை. மேசை துடைப்பது அதில் இருந்தவரின் பொறுப்பு. எழும்பும்போது ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கவும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் திரையையும் விசைப்பலகையையும் அணைக்கவும். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டவும். பிறகு காய்ந்த துணியால் தூசியை எடுக்கவும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசையில் படிவது நுண்மணல். ஈரத்துணியை நேரடியாகப் போட்டுத் தேய்த்தால் அது உரைகடதாசி மாதிரித் திரையைக் கீறிவிடும். அதன்பின் மஞ்சள் துணியில் 70 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலைச் சிறிது தெளித்து விசைப்பலகை, மவுஸ், மேசைப்பரப்பு, கதிரைக் கைப்பிடி ஆகியவற்றைத் துடைக்கவும். துணியில்தான் தெளிக்க வேண்டும், கருவியில் அல்ல. திரைக்கு நீலத்துணி, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்தது மட்டும். அல்ககோல் பட்டால் திரையின் மேற்பூச்சு மங்கும். போத்தல் மூடியை உடனே இறுக்கவும், திறந்திருந்தால் அல்ககோல் ஆவியாகி வலுவிழக்கும்.

குளோரின் வெளுப்புத் திரவம் மேசைப் பக்கமே வரக் கூடாது. உலோகத்தை அரிக்கும், கழிப்பறைத் திரவம் போன்றவற்றோடு கலந்தால் நச்சுவாயு வரும். துணிகள் வெள்ளிக்கிழமைகளில் சவர்க்காரத்தில் கழுவப்படும். வாசனை மென்மைத்திரவம் சேர்க்க வேண்டாம், அது திரையில் படலமாக ஒட்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சன்னல்கள் 11 மணிக்குப் பிறகு மூடியே இருக்கும். மாரிகாலத்தில் குடை, மழைக்கோட்டு விறாந்தைக் கொக்கியோடு நிற்கட்டும்.

சாப்பாட்டுப் பார்சல், கடலை, பிஸ்கட் மேசையில் பிரிக்கக் கூடாது. ஒரு பருக்கை விழுந்தாலே எறும்பு வந்துவிடும், அதன் பிறகு விசைப்பலகைக்குள்ளும் மின்செருகிப் பெட்டிக்குள்ளும் குடியிருக்கும். மூடியுள்ள தண்ணீர்ப் போத்தல், மூடியுள்ள தேநீர்க் கோப்பை இரண்டுக்கும் அனுமதி உண்டு.

சொந்தப் பொருட்கள்

ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட சிறு அலுமாரி ஒன்று உண்டு. பூட்டும் ஒரு திறப்பும் உங்களிடம், மற்றத் திறப்பு முத்திரையிட்ட உறையில் காசுப் பெட்டகத்தில். நீங்கள் இல்லாதபோது திறக்க நேர்ந்தால் இருவர் முன்னிலையில் திறந்து பதிவேட்டில் எழுதப்படும். உணவை அங்கே இரவு தங்கவைக்க வேண்டாம்.

குடும்பப் படம், சுவாமிப் படம், செபமாலை, பூச்சாடி எதையும் அன்றைய நாளுக்கு மேசையில் வைத்துக்கொள்ளலாம். மாலையில் அவை உங்களோடு அல்லது அலுமாரிக்குள் போக வேண்டும். தலைக்கவசத்துக்கு வாசலில் தட்டு இருக்கிறது, கதிரை அதற்கல்ல. சார்ஜர்களில் பெயர் ஒட்டவும். எல்லாம் ஒரே கறுப்பு.

மாலை 5 மணிக்குப் பின் மேசையில் கிடப்பவை திகதியும் மேசை இலக்கமும் எழுதப்பட்டு வரவேற்பிலுள்ள பெட்டிக்குப் போகும், 14 நாள் இருக்கும். உணவு அன்றே எறியப்படும். பணம், நகை, கைபேசி என்றால் நிர்வாக உத்தியோகத்தரிடம் கையொப்பத்தோடு ஒப்படைக்கப்படும்.

பயனாளிகளின் கோப்பு, அடையாள அட்டைப் பிரதி, வங்கி விபரம் வேறு விடயம். மதியச் சாப்பாட்டுக்கு எழும்பினாலும் அவற்றை லாச்சிக்குள் பூட்டவும், மாலையில் இரும்பு அலுமாரிக்குத் திருப்பவும். நாளை அதே மேசையில் இருக்கப்போகிறவருக்கு அந்தக் குடும்பத்தின் விபரம் தெரிய வேண்டியதில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடந்த கோப்பு முதல் தடவையே எழுத்துமூலம் முகாமையாளருக்கு அறிவிக்கப்படும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம், கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே எழும்பவும்.

பழுதான கதிரை, ஆடும் செருகி, வேலை செய்யாத மவுஸ் இருந்தால் அட்டவணையின் கடைசி நிரலில் அன்றே எழுதவும். நல்ல கதிரையைப் பக்கத்து மேசையிலிருந்து இழுத்து மாற்றுவது பழுதைத் தீர்க்காது, இடம்தான் மாறும். எழுதப்பட்ட பழுது இரண்டு வேலைநாளுக்குள் பார்க்கப்படாவிட்டால் அந்த மேசை அட்டவணையிலிருந்து நீக்கப்படும்.

இந்த விதிகள் 2026 மே முதல் வாரப் பணியாளர் கூட்டத்தில் மீளாய்வு செய்யப்படும். மாற்ற வேண்டியவற்றை ஏப்ரல் 24க்கு முன் நிர்வாக உத்தியோகத்தரிடம் எழுதித் தரவும்.