ஒன்று குறைகிறது

அன்றைக்கு உள்ளே வந்தவை 386. அனுமதித்தது 291, விளக்கம் கேட்டு திருப்பியது 52, மறுத்தது 9, கையில் நிற்பது 33. பத்மா கூட்டிப் பார்த்தாள். 385.

மணி இரவு எட்டு இருபது. ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடிவதற்குள் அன்றைய கணக்கு மெயிலில் போயாக வேண்டும். சென்னை கிண்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. மருத்துவக் காப்பீட்டு கிளெயிம்களைப் பார்த்து அனுமதி தரும் நிறுவனம். மதியம் ஒரு மணி ஷிப்ட்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

"சதீஷ், ஒண்ணு இடிக்குது."

"சிங்க் டிஃபரன்ஸ் மேம். ரெஃப்ரெஷ் பண்ணா சரியாயிடும்."

ரெஃப்ரெஷ் செய்தாள். 385-தான்.

இது புதிதில்லை. ஆஸ்பத்திரிகள் ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பும், சிஸ்டம் அவற்றை ஒன்றாக்கிவிடும், கணக்கில் ஒன்றிரண்டு உதைக்கும். தினசரி மெயிலின் அடியில் 'சிங்க் வித்தியாசம்: 1' என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். அவளும் எத்தனையோ நாள் போட்டிருக்கிறாள். ஆனால் போன மாதம்தான் இரட்டைப் பதிவுகளுக்கென்று தனிப் பத்தி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பத்தியில் பூஜ்யம் நிற்கிறது. அப்படியென்றால் அந்த ஒன்று எங்கே போனது?

வந்தவற்றின் பட்டியலை ஒரு ஷீட்டிலும், கியூ வாரியாக நிலவரத்தை இன்னொரு ஷீட்டிலும் இறக்கினாள். VLOOKUP போட்டு இழுத்துவிட்டாள். கீழே வரைக்கும் எண்களாக வந்தன. நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் #N/A. அந்த ஒரு கிளெயிம் இரண்டாவது ஷீட்டில் இல்லை.

கிளெயிம் எண்ணைப் பிரதி எடுத்து சிஸ்டத்தில் தேடினாள். திறந்தது. டிஸ்சார்ஜ் அனுமதிக் கோரிக்கை. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆண், 56 வயது, ஸ்ரீவைகுண்டம், பின்கோடு 628601. ஆறு நாள் படுக்கை. இறுதி பில் 38,460 ரூபாய். வந்த நேரம் 14:12. எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள். கியூ பெயர்: FLOOD_TTN_DEC23.

"சதீஷ், இங்க வா. இந்த கியூ என்னது?"

அவன் வந்து குனிந்து பார்த்தான். "தெரியல மேம். நம்ம லிஸ்ட்லயே இல்லையே."

சதீஷ் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பத்மாவுக்குப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த வாரம் தூத்துக்குடிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கரண்ட் இல்லை, ஸ்கேனர் இல்லை, பாதி காகிதங்கள் தண்ணீரில். அங்கிருந்து வருகிற கேஸ்களை ஆவணக் கெடுபிடி இல்லாமல் முடிக்கத் தனி கியூ திறந்தார்கள். விதி ரொம்ப எளிது: பின்கோடு 628-இல் தொடங்கி, நோய் வெள்ளப் பட்டியலில் இருந்தால் அங்கே போ. எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, மின்சாரம் தாக்கியது என்று ஒரு பத்துப் பன்னிரண்டு நோய்கள். வெள்ளம் வடிந்தது. விதியை யாரும் எடுக்கவில்லை.

இந்த மனிதருக்கு எலிக்காய்ச்சல். சேர்ந்த அன்று வெறும் காய்ச்சல் என்று R50.9 போட்டு முதல் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அது வழக்கமான கியூவுக்குப் போய் அரை மணி நேரத்தில் 25,000 ரூபாய்க்கு அனுமதியும் ஆகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை வந்து நோய் உறுதியானதும் டிஸ்சார்ஜ் தாளில் A27.9 என்று சரியாகப் போட்டார்கள். சரியாகப் போட்டதால்தான் வழி மாறிவிட்டது.

ஆனால் இவ்வளவு நாளும் அந்தப் பக்கத்திலிருந்து எலிக்காய்ச்சலே வராமலா இருந்திருக்கும்?

கியூவின் சரித்திரத்தைப் பிரித்தாள். வந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் முடித்தவர் ஒரே ஆள், பிரவீணா. வெள்ள டீமில் இருந்தவள். டீமைக் கலைத்தபோது அவள் பெயரை மட்டும் அந்த கியூவிலிருந்து எடுக்க மறந்திருக்கிறார்கள். அவளும் தன் திரையில் தெரிவதையெல்லாம் வேலை என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை வேலையை விட்டுப் போனாள். கேக் வெட்டினார்கள். அன்று மாலையே அவளுடைய லாகினை முடக்கினார்கள். டாஷ்போர்டு, ஆள் இருக்கிற கியூக்களை மட்டும்தான் காட்டும். கடைசி ஆள் போனதும் கியூவும் போய்விட்டது.

"மூணு மணி நேரம் தாண்டி இன்னொரு மூணு மணி நேரம் ஆச்சு" என்றான் சதீஷ்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே சுற்றறிக்கை அந்த மாடியில் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் அனுமதி ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில். அதைத் தாண்டி ஆஸ்பத்திரி ஏதாவது கூடுதலாக வாங்கினால் காப்பீட்டுக் கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். கெடு நெருங்கும் கிளெயிம் திரையில் மஞ்சளாகும், தாண்டினால் சிவப்பாகும். ஆளில்லாத கியூவில் எந்தத் திரையில் சிவப்பாவது?

பத்மா 'மாற்று' பட்டனை அழுத்தினாள். சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குத்தான் மாற்ற முடியும். யார் கையிலும் இல்லாததை மாற்ற முடியாது.

"மேம், ஒரு ஐடியா. நோய்க் கோடை மறுபடி R50.9-ன்னு மாத்திட்டா விதிப்படி அதுவே நம்ம கியூவுக்கு வந்துடும். அப்ரூவ் பண்ணிட்டு திரும்ப மாத்திக்கலாம்."

ஒரு நிமிட வேலை. அவள் கை மவுஸ் மேல்தான் இருந்தது.

"வேணாம்."

"திரும்ப மாத்திடலாம் மேம்."

"நாளைக்கு ஆடிட்ல அந்த ஆளோட ஃபைல்ல, அப்ரூவ் ஆனது வெறும் காய்ச்சலுக்குன்னு நிக்கும். கிட்னி பாதிச்சு திரும்ப வந்து படுத்தார்னா அப்ப யாராவது இதைத் தோண்டுவாங்க. நம்ம தப்புக்கு அவர் ஃபைலை ஏன் கெடுக்கணும்? ஐடிக்குப் போன் போடு."

ஐடியில் இரவுப் பொறுப்பில் இருந்தவர் டிக்கெட் போடச் சொன்னார், காலையில் பார்ப்பதாக. பத்மா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "சார், ஒரு பேஷண்ட் ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கார். டிக்கெட்டும் போடறேன். நீங்க இப்பவே என் பேரை அந்த கியூவுல சேருங்க." அவர் பஸ்ஸில் இருந்தார். வேளச்சேரியில் இறங்கி வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறக்க இருபது நிமிடம் கேட்டார். சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

அந்த இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், நாங்க மூணு வாட்டி உங்க கால் சென்டருக்குப் போட்டோம். 'பிராசஸ்ல இருக்கு, பிராசஸ்ல இருக்கு'ன்னே சொல்லுதாவ. நாங்க பேஷண்டுகிட்ட என்னத்தச் சொல்ல?"

கால் சென்டர்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் திரையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

"பேஷண்ட் எங்க இருக்கார்?"

"ட்ரிப்பெல்லாம் கழட்டியாச்சு. துணி மாத்திக்கிட்டு பெட்டுல உக்காந்திருக்காவ. வீட்டுக்காரம்மா கேஷ் கவுண்டர் பக்கத்துல இருக்காவ. பணத்தக் கட்டிட்டுப் போயிருதோம், பொறவு கிளெயிம் போட்டுக்கிடுதோம்னு சொல்லி, மச்சினரு பணம் பொரட்டப் போயிருக்காவ."

"கட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மச்சினருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க. ஒரு மணி நேரத்துல லெட்டர் வரும்."

"நெசமாவா மேடம்?" அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணு. ஆறு மணிக்கு மேல ஆயிட்டுன்னு பில்லிங்ல ஒரு நாள் ரூம் வாடகை சேத்துட்டாவ. 1,800."

"அந்தப் பில்லைத் தனியா அனுப்புங்க. அது எங்க பாடு. அவங்ககிட்ட வாங்காதீங்க."

போனை வைத்தபோது டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தார். மருத்துவ அதிகாரி கையெழுத்தில்லாமல் எந்த டிஸ்சார்ஜும் போகாது. இரவு ஷிப்ட் டாக்டர் வர பத்து மணியாகும்.

"டாக்டர், ஒரு கேஸ். கியூ இன்னும் திறக்கல. திறந்ததும் அஞ்சு நிமிஷ வேலை."

"திறக்காத கேஸுக்கு நான் என்ன பண்றது பத்மா?"

"லேப் ரிப்போர்ட் டவுன்லோட் ஆகுது. அதை இப்பவே பாத்துடுங்க."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளேட்லெட், கிரியாட்டினின், லெப்டோ ஐ.ஜி.எம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கிரியாட்டினின் இறங்கிடுச்சு. நல்ல டாக்டரா இருக்கணும், ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சிருக்கார்." வேறு எதுவும் சொல்லவில்லை. சதீஷ் பில்லை எடுத்துக்கொண்டான். கையுறை, ஊசி சிரிஞ்சு அல்லாத சில்லறைப் பொருள்கள், பதிவுக் கட்டணம் என்று பாலிசியில் வராதவை 1,240 ரூபாய். மீதி 37,220.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு கியூ திறந்தது. பத்மா கிளெயிமைத் தன் பெயரில் எடுத்தாள். திரை உடனே சிவப்பானது. டாக்டர் தன் லாகினில் ஒப்புதல் போட்டார். ஒன்பது ஐந்துக்கு அனுமதிக் கடிதம் போனது. தாமதம் யாரால் என்ற கட்டத்தில் 'ஆஸ்பத்திரி', 'பாலிசிதாரர்', 'நாங்கள்' என்று மூன்று தேர்வுகள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, காரணம் கேட்ட இடத்தில் கியூ பெயரை எழுதினாள்.

ஒன்பது பன்னிரண்டுக்கு அந்த டெஸ்க் பெண்ணே கூப்பிட்டாள். "லெட்டர் வந்துட்டு மேடம். 1,240 மட்டும் கட்டிட்டு ஆட்டோவுல ஏறிட்டாவ."

ஐடிக்காரர் இன்னும் லைனில்தான் இருந்தார். "மேடம், நான் தூங்கப் போகலாமா?"

"சார், ஒரே ஒரு க்வெரி ஓட்டுங்க. ஆளே இல்லாத கியூ எத்தனை இருக்கு?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"நாலு இருக்கு. மூணு காலி. PORT_TMP-ன்னு ஒண்ணுல ரெண்டு கிளெயிம் நிக்குது. இது வேற கம்பெனியிலருந்து பாலிசி மாத்திக்கிட்டு வந்தவங்களுக்காக எப்பவோ திறந்தது போல."

"என்ன கிளெயிம்?"

"ஒண்ணை ஆஸ்பத்திரியே கேன்சல் பண்ணிட்டாங்க. இன்னொண்ணு முன்அனுமதி. நேத்து சாயந்திரம் வந்திருக்கு. கர்ப்பப்பை ஆபரேஷன், சேலம். அட்மிஷன் நாளைக்குக் காலையில ஏழு மணி."

நேற்றைய மெயிலின் அடியில் இருந்த வரியை அவளே எழுதியிருந்தாள். 'சிங்க் வித்தியாசம்: 1.'

"அதுலயும் என் பேரைச் சேருங்க சார்" என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, லிஃப்ட் கதவு மூடுவதற்குள் கேட்கும்படி, "டாக்டர்!" என்று கத்தினாள்.