யார் எவ்வளவு வரை ஒப்புதல் தரலாம்: கைப்பட்டியல்

அதிகாரப் பகிர்வு ஆவணம், பதிப்பு 3-இலிருந்து கணக்குப் பிரிவு எடுத்தது. 38 பக்கத்தைப் புரட்டாமல், பில் கையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளத்தான் இது. ஆவணத்துக்கும் பட்டியலுக்கும் முரண் தெரிந்தால் ஆவணம் சொல்வதே செல்லும்.

தொகைகள் எல்லாம் வரி சேர்க்காதவை, நம் கணக்குப் புத்தக நாணயத்தில்.

| எதற்கு | தொகை | ஒப்புதல் தருபவர் | முன்பரிந்துரை | பிரிவு |
|---|---|---|---|---|
| கொள்முதல், பட்ஜெட்டில் உள்ளது | 50,000 வரை | துறைத் தலைவர் | வேண்டாம் | 4.1 |
| அதேபோல் | 50,000-க்கு மேல், 5 லட்சத்துக்குக் கீழ் | பொது மேலாளர் | துறைத் தலைவர் | 4.2 |
| அதேபோல் | 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை | நிர்வாக இயக்குநர் | நிதி மேலாளர் | 4.3 |
| அதேபோல் | 25 லட்சத்துக்கு மேல் | இயக்குநர் குழு | நிர்வாக இயக்குநர் | 4.4 |
| பட்ஜெட்டில் இல்லாத செலவு | 10 லட்சம் வரை | நிர்வாக இயக்குநர் | நிதி மேலாளர் | 4.6 |
| அதேபோல் | 10 லட்சத்துக்கு மேல் | இயக்குநர் குழு | நிர்வாக இயக்குநர் | 4.6 |
| வராக்கடன் தள்ளுபடி | 1 லட்சம் வரை | நிர்வாக இயக்குநர் | நிதி மேலாளர் | 6.2 |
| அதேபோல் | 1 லட்சத்துக்கு மேல் | இயக்குநர் குழு | நிர்வாக இயக்குநர் | 6.2 |
| வங்கிப் பட்டுவாடா | எவ்வளவானாலும் | நிதி மேலாளரும் பொது மேலாளரும் சேர்ந்து | வேண்டாம் | 7.1 |

பரிந்துரைக் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. வரிசையில் கடைசிக் கையெழுத்து விழாமல் ஆர்டர் போடாதீர்கள்.

அதிகம் தடுமாறும் இடம் ஒப்பந்த மதிப்பு. பிரிவு 4.9-இன்படி, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 3 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால், அது 6 லட்சம். போக வேண்டியது நிர்வாக இயக்குநரிடம். ஆண்டுக்கொரு ஆர்டராகப் பிரித்துப் பொது மேலாளரிடம் வாங்கினால் அந்த ஒப்புதல் செல்லாது. ஒரே பொருளை ஒரே விற்பனையாளரிடம் அடுத்தடுத்துச் சின்ன ஆர்டர்களாக எடுப்பதற்கும் இதே விதிதான்.

ஒருவர் விடுப்பில் போனால், பொறுப்பு ஒப்படைப்புக் கடிதம் பெற்றவர் கையெழுத்திடலாம், அந்த நாட்களுக்கு மட்டும். கடிதம் இல்லையென்றால் ஒரு படி மேலே போங்கள். தன் சொந்தச் செலவுக் கணக்குக்கு யாரும், எந்தப் பதவியில் இருந்தாலும், தானே ஒப்புதல் தர முடியாது (8.3).

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பிரிவு 4.2 பொது மேலாளருக்கு “5 லட்சம் வரை” என்கிறது; பின்னிணைப்போ நிர்வாக இயக்குநருக்கு “5 லட்சமும் அதற்கு மேலும்” என்கிறது. சரியாக 5 லட்சத்துக்கு பில் வந்தால் இரண்டு பேரும் பொருந்துவார்கள். மேலே இருப்பவரைத்தான் பட்டியலில் போட்டிருக்கிறேன், அதுதான் பாதுகாப்பு. நிதி மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டாயிற்று. பதில் வந்ததும் அந்த இரண்டு வரியை மட்டும் திருத்தி மறுபடி அனுப்புகிறேன். அப்புறம் இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.