விபத்தாகாமல் தப்பிய சம்பவம் பற்றிய அறிக்கை: நெல் எலிவேட்டர்

பெறுநர்: முகாமையாளர்
இடம்: அரிசி ஆலை, நெல் இறக்கும் பகுதி, பரந்தன், கிளிநொச்சி மாவட்டம்
சம்பவம் நடந்தது: 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.51
காயம்: எவருக்கும் இல்லை. சேதம்: எலிவேட்டர் பெல்ட்டில் உள்ள ஒரு வாளி நெளிந்தது, ஒரு தடி முறிந்தது.

நான் சம்பவத்தைக் கண்ணால் காணவில்லை. அப்போது முன்புறத்தில் தராசடியில் நின்றேன். சத்தம் கேட்டுத்தான் ஓடிப்போனேன். ஆகவே முதல் பகுதியில் உள்ள ஒவ்வொன்றும் எப்படித் தெரியவந்தது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். என் கருத்துகள் கடைசியில் தனியாக இருக்கின்றன.

1. நடந்தவை

காலையில் வந்த நெல்லின் ஈரப்பதம் 18.6 சதவீதம் என்று பதிவேட்டில் இருக்கிறது. 10.30 மணியளவில் எலிவேட்டரின் அடிப்பெட்டியில் நெல் அடைத்து, பெல்ட் வழுக்கத் தொடங்கியது (மெஷின் ஓட்டுபவரும் உதவியாளரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்).

10.38க்கு மின்சாரம் நின்றது. 10.51க்குத் திரும்பி வந்தது. இரண்டும் கமராப் பதிவில் விளக்குகள் அணைந்து எரிவதைப் பார்த்து எடுத்த நேரங்கள். கமராவின் மணிக்கூடு என் கைத்தொலைபேசியைவிட 4 நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைக் கழித்துத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கமராவுக்கு பற்றரி இருப்பதால் பதிவு நிற்கவில்லை. ஆனால் அது வாசலையும் தராசையும் மட்டுமே காட்டும். அடிப்பெட்டி இருக்கும் குழி அதில் விழாது.

10.41க்கு மெஷின் ஓட்டுபவர் வாசலால் வெளியே போவது பதிவில் தெரிகிறது. தேநீர் குடிக்கப் போனதாக அவர் சொன்னார்.

அதன்பிறகு உதவியாளர் அடிப்பெட்டியின் கதவைத் திறந்து, இடக்கையால் தடியொன்றை உள்ளே குத்திப் பிடித்தபடி வலக்கையால் நெல்லை அள்ளி வெளியே போட்டிருக்கிறார் (அவரது வாக்குமூலம், குழிக்கு வெளியே ஏறக்குறைய இரண்டு மூடை நெல் குவிந்திருந்ததை நான் பார்த்தேன்). அள்ளிய நெல்லைக் கொட்டுவதற்காகக் கையை வெளியே எடுத்த நேரம் எலிவேட்டர் ஓடத் தொடங்கியது என்கிறார். "கையை எடுத்து ஒரு செக்கன்கூட இராது" என்பது அவர் சொன்ன சொல். அந்த இடைவெளியை அளக்க வழி இல்லை.

வாளி தடியைப் பிடித்து முறித்தது. ஒரு துண்டு பெட்டிக்குள் கிடந்தது, மற்றது குழிச்சுவரில் அடித்து விழுந்திருந்தது. இரண்டையும் அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உதவியாளர் கத்தியதும், லொறியில் மூடை இறக்கிக்கொண்டிருந்தவர் குதித்து வந்து மெயின் சுவிட்சை இழுத்தார். நான் போனபோது சுவிட்ச் அணைந்திருந்தது, கதவு திறந்திருந்தது.

2. ஒத்துவராத வாக்குமூலங்கள்

தேநீருக்குப் போகும்போது "நான் வரும்வரைக்கும் தொடாதை" என்று சொல்லிவிட்டுப் போனதாக மெஷின் ஓட்டுபவர் சொல்கிறார். "நான் வாறதுக்குள்ள அடைப்பை எடுத்து வை" என்றுதான் தனக்குச் சொல்லப்பட்டது என்கிறார் உதவியாளர். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டையும் அவரவர் சொன்னபடியே பதிகிறேன்.

மூடை இறக்கியவர் முதலில் "பெடியன் கவனமில்லாமல் கையை விட்டிட்டான்" என்றார். என்ன கண்டீர்கள் என்று திரும்பக் கேட்டேன். லொறியின் மேலிருந்து உதவியாளரின் முதுகை மட்டுமே கண்டதாகவும், கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். பதிவில் சேர்த்திருப்பது இந்த இரண்டாவது பதிலைத்தான்.

3. பரிசோதனையில் கண்டவை

யாரும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மோட்டர் எப்படி ஓடியது என்பதுதான் பெரிய கேள்வி. வழமையாக, கரண்ட் போனவுடன் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கொண்டாக்டர் விடுபட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும் மறுபடி பச்சையை அழுத்தும்வரை மோட்டர் ஓடக்கூடாது.

மார்ச் 12 காலை, மின்னியலாளர் எலிவேட்டரின் ஸ்டார்ட்டரைத் திறந்தார். பச்சைப் பொத்தானின் இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு சிறிய சிவப்பு வயர் போடப்பட்டிருந்தது. பொத்தானை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம் அது. படம் எடுத்த பின்னரே வயரைக் கழற்றினோம்.

கழற்றுவதற்கு முன், கதவை மூடி, எல்லோரையும் விலக்கி நிறுத்தி, மெயின் சுவிட்சைப் போட்டோம்: மோட்டர் உடனே ஓடியது. சிவப்புப் பொத்தானை அழுத்த நின்றது. விரலை எடுக்கத் திரும்ப ஓடியது. கழற்றிய பின் அதே சோதனையில் மோட்டர் ஓடவில்லை. ஆலையில் உள்ள மற்ற நான்கு ஸ்டார்ட்டர்களையும் இப்படியே பார்த்தோம், ஒன்றும் தானாக ஓடவில்லை.

"சிவப்புப் பொத்தான் வேலை செய்யாது, சுவிட்சை இழுத்துத்தான் நிற்பாட்டுறது" என்று மெஷின் ஓட்டுபவர் சொன்னார். பழுதுப் பதிவேட்டில் அது பற்றி ஒரு வரியும் இல்லை. வயரை யார் போட்டது என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பெயர் வந்தது. போடும்போது கண்டவர் ஒருவரும் இல்லை என்பதால் அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை.

உதவியாளர் முன்பு காயவைக்கும் களத்தில் வேலை செய்தவர், இந்த மெஷினுக்குப் புதியவர். எலிவேட்டர் பற்றி அவருக்குப் பயிற்சி கொடுத்ததாகப் பதிவு இல்லை. அடிப்பெட்டிக் கதவு வெறும் கொளுக்கியால் பூட்டப்படுவது. மோட்டர் ஓடும்போதும் திறக்கலாம்.

4. என் கருத்து

இனி எழுதுவது என் அனுமானம். அந்த வயர் இல்லாதிருந்தால் மின்சாரம் வந்தபோது எலிவேட்டர் அசைந்திருக்காது. பழுதான பொத்தானைத் திருத்துவதற்குப் பதிலாக, அறுவடை நெருக்கடியில் யாரோ குறுக்கு வழி தேடியிருக்கலாம் என்று நினைக்கிறேன். காலபோக நெல் வரிசையாக வந்து நிற்கும்போது ஒரு மணிநேரம் மெஷினை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அடைப்புக்கு ஈரநெல் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம், ஆனால் பெல்ட் தளர்ந்திருந்ததையும் கண்டோம். எது முதன்மை என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

உதவியாளரின் அரைநாள் சம்பளத்தை வெட்டலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அதற்கு நான் உடன்படவில்லை. நடந்ததை என்னிடம் மறைக்காமல் சொன்னது அவர்தான். வெட்டினால், அடுத்த முறை தடி முறிந்தால் தடியை எறிந்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

5. செய்தவையும் செய்யவேண்டியவையும்

வயர் அகற்றப்பட்டு, பச்சை, சிவப்புப் பொத்தான்கள் இரண்டும் மார்ச் 12 அன்று புதிதாக மாற்றப்பட்டன. மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம்: அடைப்பு எடுப்பவர் சுவிட்சை அணைத்துப் பூட்டி, திறப்பைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்துக்கும் இதே முறைதான். இதை இரண்டு ஷிப்ட்காரருக்கும் மெஷினடியில் நின்று செய்து காட்டினேன்.

உங்கள் அனுமதி வேண்டியவை இரண்டு. ஒன்று, கதவு திறந்தால் மோட்டருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு சுவிட்ச். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களின் அபாயமான பாகங்களை மறைத்துக் காக்கச் சொல்கிறது. கைகொண்டு கழற்றும் கொளுக்கி அதற்குப் போதாது என்பது என் எண்ணம். மற்றது, பெல்ட்டை இறுக்கி, நெளிந்த வாளியை மாற்ற அரைநாள் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 16, நெல் வரவு குறைவு என்பதால் அன்றைக்கு வைக்கலாம். சம்மதமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், மின்னியலாளரை அன்றைக்கு ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஆலை மேற்பார்வையாளர்
2025 மார்ச் 13