அம்மாவின் படங்கள்: வெள்ளி இரவு 8 மணிக்குள் வேண்டும்

பெரியப்பா, சித்தி, மாமாமார், மச்சாள்மார், அம்மாவோடு படிப்பித்த ரீச்சர்மார் எல்லாருக்கும்,

சனி பின்னேரம் அம்மாவை மலர்ச்சாலையிலிருந்து உவர்மலை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். ஞாயிறு காலை 9 மணிக்குக் கிரியை. அதுவரை பந்தலில் ரீவியில் அம்மாவின் படங்கள் ஓடும்: 60 படம், ஒவ்வொன்றும் 7 விநாடி, 15 விநாடி வீடியோ நாலு. மொத்தம் 8 நிமிடம், திரும்பத் திரும்ப.

கலியாண வீட்டில் வரிசையாக நிற்கும் படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன, இனி வேண்டாம். இல்லாதவை கலாசாலைக் காலமும் கிண்ணியாப் பள்ளிக்கூட ஆண்டுகளும். அம்மா கமராவைப் பாராமல் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பினால் படம் சுருங்கி, பெரிய ரீவியில் முகம் மங்கிவிடும். இணைப்புக் குறியை அழுத்தி Document என்பதன் வழியாக அக்காவின் நம்பருக்கு அனுப்புங்கள். பேஸ்புக்கிலிருந்து ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம். போட்டவரிடம் மூலப் படத்தைக் கேளுங்கள்.

அல்பப் படமென்றால் உறையிலிருந்து எடுத்து, பகலில் ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். உறையோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், படத்தின் மேற்பூச்சு உரிந்துவிடும். உறையோடே எடுங்கள், பளபளப்பு விழுந்தால் அல்பத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க எழுத்தையும் ஒரு படம் எடுங்கள், ஆண்டு அநேகமாக அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொன்றோடும் ஆண்டு, இடம், இடமிருந்து வலமாக யார் யார் என்று அனுப்புங்கள். ரைப் பண்ணக் கஷ்டமென்றால் குரல் பதிவு போதும். ஆண்டு நிச்சயமில்லையென்றால் 'எண்பதுகளில்' என்றே போடுவோம். ஊகித்த ஆண்டைப் பந்தலில் யாராவது திருத்துவார்கள். வீடியோவை நீங்கள் வெட்ட வேண்டாம், அம்மா பேசும் நிமிடத்தை மட்டும் குறியுங்கள்.

இதுவரை எழுதிய வரிகள் கீழே. கடைசிக் கதிரையிலிருந்தும் 7 விநாடிக்குள் வாசிக்க வேண்டும், அதனால் இரண்டு வரிக்கு மேல் இல்லை. 'அமரர்', கவிதை எல்லாம் நோட்டீஸில் இருக்கிறது, இங்கே வேண்டாம். வீட்டுப் படங்களில் அம்மா, பள்ளிக்கூடப் படங்களில் ரீச்சர்.

கடற்கரை வீதி, 1979.
சைக்கிள் அப்பாவுடையது, ஓட்டுவது அம்மா.

கிண்ணியாப் பாதையில் ரீச்சர்.
2009இல் பாலம் திறக்கும்வரை தினமும் இப்படித்தான்.

பிரெட்றிக் கோட்டை மான்கள்.
அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழம் போய்விட்டது.

"மழை வருது, உடுப்பை எடு!"
வீட்டு முற்றம், 2021. (இந்த வீடியோவுக்கு மட்டும் சத்தம் இருக்கும்.)

மூதூர் லாஞ்சில் அம்மாவும் சிநேகிதியும், 1988.

கடைசிப் படத்தில் வெள்ளைக் குடை பிடித்திருக்கும் அந்தச் சிநேகிதியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெயரைச் சேர்க்கிறோம். தன் படம் வேண்டாமென்று யாராவது நினைத்தால் அக்காவிடம் தனியாகச் சொன்னால் போதும், எடுத்துவிடுவோம்.

வெள்ளி இரவு 8 மணி என்பது இப்போது லண்டனில் பின்னேரம் 3.30, ரொறொன்ரோவில் காலை 10.30. அதன்பிறகு வருபவை 31ஆம் நாளுக்கு.