வீடு கட்டுமானப் பணிக்குத் தற்காலிக மும்முனை மின் இணைப்பு கோரும் விண்ணப்பம்

சேலம்
09.06.2025

அனுப்புநர்

ம. செல்வராணி,
அஸ்தம்பட்டி,
சேலம் – 636 007.

பெறுநர்

உதவிப் பொறியாளர் (இயக்கலும் பராமரிப்பும்),
கன்னங்குறிச்சி பிரிவு,
தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்,
சேலம்.

பொருள்: சின்னத்திருப்பதி பகுதி, மனை எண் 17-இல் புதிய வீடு கட்ட, 6 கிலோவாட் தற்காலிக மும்முனை இணைப்பு வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

மேற்படி மனை என் பெயரிலும் என் கணவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக உள்ளது. 40-க்கு 60 அடி, கிழக்குப் பார்த்த மனை. தரைத்தளமும் முதல் தளமும் கட்டத் திட்ட அனுமதி பெற்று, அஸ்திவாரம் முடித்து பிளிந்த் பீம் வரை வந்திருக்கிறோம். இதுவரை டேங்கர் தண்ணீரிலும் வாடகை ஜெனரேட்டரிலும் வேலை நடந்தது. இனி சுவர் எழும்பினால் தினம் இருவேளை நீராற்ற வேண்டும், தளம் போட்டால் 14 நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அதற்கு டேங்கர் கட்டுப்படியாகாது. மனையில் ஏற்கெனவே போட்ட ஆழ்துளைக் கிணற்றில் 380 அடியில் மோட்டார் இறக்கித் தயாராக வைத்துள்ளோம். ஆகவே 2026 மார்ச் இறுதி வரையிலான கட்டுமானக் காலத்துக்குத் தாழ்வழுத்தக் கட்டண வகை VI-இன் கீழ் தற்காலிக இணைப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இணையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டோம், ஒப்புகைச் சீட்டை இணைத்துள்ளோம். தள ஆய்வுக்கு வரும்போது தங்களுக்குத் தேவைப்படும் விவரங்களை இக்கடிதத்தில் ஒரே இடத்தில் தருகிறோம்.

மின்பளுக் கணக்கு

நீர்மூழ்கி மோட்டார், 2 எச்.பி., மும்முனை – 1,492 வாட்
கான்கிரீட் வைப்ரேட்டர், 2 எச்.பி., மும்முனை – 1,492 வாட்
கம்பி வெட்டும் மெஷின், ஒருமுனை – 2,000 வாட்
ஆங்கிள் கிரைண்டர் – 840 வாட்
எல்.இ.டி. ஃபிளட் லைட், 50 வாட் இரண்டு – 100 வாட்
காவலாளி ஷெட்டில் ஃபேன் ஒன்று, பல்பு ஒன்று – 69 வாட்
மொத்தம் – 5,993 வாட்

கலவை மெஷின் டீசலில் ஓடுவதால் இதில் சேரவில்லை. டைல்ஸ் வெட்டும் மெஷின் 1,400 வாட். அது வரும் நேரத்தில் கான்கிரீட் வேலை முடிந்து வைப்ரேட்டர் போயிருக்கும் என்பதால், அனுமதித்த பளுவுக்குள்ளேயே அடங்கும். வெல்டிங் மெஷினை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். கேட், ஜன்னல் கிரில் எல்லாம் பட்டறையிலேயே செய்து வந்து பொருத்தப் போகிறோம். சிறிய வெல்டிங் மெஷின் ஒன்றை மாட்டினாலே அந்தத் தெரு வீடுகளில் லைட் துடிக்கும். அதற்கென்று பளுவைக் கூட்டிக் கேட்பதைவிடத் தளத்தில் வெல்டிங்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேஸ்திரியிடமும் அதை எழுதி வாங்கியாயிற்று.

மோட்டாரை ஒருமுனையில் போட்டு 4 கிலோவாட்டுக்குள் அடக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். மோட்டாரும் வைப்ரேட்டரும் மும்முனையில் வாங்கியவை. தவிர, கட்டி முடித்த பின் இரண்டு ஏசி, ஹீட்டர், மோட்டார் என்று எப்படியும் மும்முனைதான் தேவைப்படும். இப்போதே மும்முனையாகக் கொடுத்தால், வேலை முடிந்ததும் அதே இடத்தில் கட்டண மாற்றம் மட்டும் செய்து வீட்டு இணைப்பாக்கிக்கொள்ளலாம். கம்பியையும் பெட்டியையும் இரண்டு முறை போடும் செலவும் அலைச்சலும் வாரியத்துக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

மீட்டர் இடமும் கம்பி வரும் வழியும்

மீட்டர் பெட்டிக்குத் தென்கிழக்கு மூலையில், தெருவை ஒட்டி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி செங்கல் தூண் கட்டி, மேலே சிமெண்ட் ஸ்லாப் மூடியுள்ளோம். மீட்டரின் முகம் தெருப் பக்கம் இருக்கும். கணக்கெடுப்பவர் கேட்டைத் திறக்காமலே ரீடிங் எடுக்கலாம். காம்பவுண்டுச் சுவர் பின்னால் கட்டும்போது இந்தத் தூண் அதோடு சேர்ந்துவிடும், இடிக்கும் வேலை இருக்காது. தற்காலிகம்தானே என்று ஷெட்டின் தகரச் சுவரிலோ சவுக்குக் கழியிலோ மீட்டரை மாட்டினால், மழையில் நனைவதும், ஷெட்டைப் பிரிக்கும்போது ஒயரோடு தொங்குவதும் வழக்கமாக நடப்பதுதான். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் முதலிலேயே தூண் எழுப்பினோம்.

எங்கள் மனைக்குத் தெற்கே, தெருவின் இதே பக்கத்தில் உள்ள மின்கம்பத்திலிருந்து தூண் வரை டேப் பிடித்து அளந்ததில் 22 மீட்டர் வருகிறது. கம்பி தெரு ஓரமாகவே வரும். தெருவைக் குறுக்கே கடக்காது, யாருடைய மனைக்கு மேலும் போகாது. எம்-சாண்ட், ஜல்லி லாரிகள் வடபுற வழியாக மட்டுமே உள்ளே வருகின்றன. டிப்பர் கொட்டும்போது தூக்கும் தொட்டி சர்வீஸ் கம்பியில் மாட்டி இழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாகன வழியை வடக்கிலும் மீட்டரைத் தெற்கிலும் வைத்தோம். அந்தக் கம்பத்தை எளிதில் அடையாளம் காண, அதிலிருந்து இணைப்புப் பெற்ற பக்கத்து வீட்டாரின் மின்கட்டண அட்டை நகலை அவர் சம்மதத்தோடு இணைத்துள்ளோம்.

தளத்தில் செய்துள்ள பாதுகாப்பு

இந்தப் பகுதி சேர்வராயன் மலையடிவாரம் என்பதால் எர்த்திங் சுலபமாக அமைவதில்லை. மனையின் வடபுறத்தில் மூன்றடி தோண்டினாலே பாறை. தென்கிழக்கில் ஒன்பது அடி வரை செம்மண் இருக்கிறது. அங்கேயே 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கொண்ட ஜி.ஐ. பைப்பை 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழிகளில் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, 25-க்கு 3 மி.மீ. ஜி.ஐ. பட்டையால் இணைத்துள்ளோம். அளந்தபோது 3.8 ஓம் காட்டியது. மழைக்குப் பின் எடுத்த அளவு அது. கோடையில் மண் காய்ந்தால் கூடும் என்பதால், நீராற்றும் ஆளே வாரம் ஒருமுறை குழியில் தண்ணீர் ஊற்றுவார்.

மீட்டருக்கு அடுத்து 20 ஆம்பியர் நான்கு முனை எம்.சி.பி. (மோட்டார் கிளம்பும்போது விழாமலிருக்க ‘சி’ வகை), அதை அடுத்து 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அங்கிருந்து 4 கோர், 4 சதுர மி.மீ. காப்பர் ஆர்மர்டு கேபிள், மண்ணுக்கடியில் குழாய்க்குள் சென்று, தளத்தில் உள்ள மூடிய இரும்புப் பெட்டியில் முடிகிறது. இரும்புப் பெட்டிக்கும் கேபிளின் ஆர்மருக்கும் எர்த் கொடுத்துள்ளோம். ஒருமுனைப் பளுவில் கம்பி வெட்டும் மெஷின் ஒரு ஃபேஸிலும், கிரைண்டரும் லைட்டும் ஷெட்டும் இன்னொரு ஃபேஸிலும் வரும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். ஈரத் தரையில் கிடக்கும் ஜாயிண்ட் ஒயர், தோல் உரிந்த கேபிள், ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு எங்கோ எர்த்தோடு ஒட்டிக்கொண்ட நியூட்ரல் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். காரணத்தைத் தேடாமல் அதை பைபாஸ் செய்துவிட்டு வேலையை ஓட்டுவதில்தான் உயிர் போகிறது. எனவே பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மின் ஒப்பந்ததாரரிடமும் எங்களிடமும் மட்டுமே வைத்திருக்கிறோம். ஒயர் நுனியைச் சீவி நேராக சாக்கெட்டில் சொருகும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. எல்லாம் எர்த் முனையோடு கூடிய இண்டஸ்ட்ரியல் பிளக்குதான். மோட்டார் ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் உள்ளது. ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் எரியாது.

முன்புறத் தாழ்வழுத்தக் கம்பி பற்றி

இதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். தெருவோரம் போகும் மின்கம்பிக்கும் எங்கள் முதல் தள சன்ஷேடின் விளிம்புக்கும் கிடைமட்டமாக 1.9 மீட்டர் வருகிறது. விதி கேட்பது 1.2 மீட்டர் என்பதால் கட்டடத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பூச்சு வேலைக்குச் சாரம் கட்டினால் அது 0.9 மீட்டர் வெளியே நிற்கும். மிச்சம் 1 மீட்டர்தான். சாரத்தில் நிற்பவர் கையில் கம்பியோ அலுமினிய மட்டப்பலகையோ இருந்தால் அந்த இடைவெளி போதாது. 40 அடி கட்டுமானக் கம்பியை மேலே ஏற்றும்போது நிமிர்த்தினால் இன்னும் ஆபத்து. கம்பியை வீட்டின் பின்புறமாகவே ஏற்றச் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் முதல் தள லிண்டல் மட்டம் வருவதற்குள், எங்கள் மனை முன்னால் போகும் மின்கம்பிப் பகுதிக்கு, சுமார் 15 மீட்டருக்கு, பி.வி.சி. உறை போட்டுத் தருமாறு வேண்டுகிறோம். அதற்கான மதிப்பீட்டுத் தொகையைத் தனியே செலுத்துகிறோம். முன்புறச் சாரம் கட்டும் நாளிலும் பிரிக்கும் நாளிலும் சில மணி நேரம் மின்நிறுத்தம் தேவைப்படும். தேதியை முன்கூட்டியே எழுத்தில் தருவோம்.

கட்டணங்கள்

பதிவுக் கட்டணம் செலுத்திவிட்டோம். மின் இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, பாதுகாப்பு வைப்புத்தொகை ஆகியவற்றை ஒரே கேட்பு அறிவிப்பாகத் தந்தால், அன்றே இணையத்தில் கட்டிவிடுவோம். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் என்பது தெரிந்தே கேட்கிறோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து வேலை செய்தால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அந்த வீட்டுக்காரர் தலையில்தான் இருமடங்குக் கட்டணம் விழும். அப்படி யாரையும் சிக்கவைக்க விருப்பமில்லை. வேலை முடிந்ததும் கடைசி ரீடிங்கை எடுத்து, அதுவரையிலான பாக்கியைத் தீர்த்து, வகை VI-இலிருந்து I-ஏ வீட்டு உபயோகத்துக்குக் கட்டண மாற்றம் கோரி உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிப்போம். இடையில் மீட்டரை வேறு இடத்துக்கு நகர்த்தவோ, பளுவைக் கூட்டவோ தங்கள் அனுமதியில்லாமல் செய்ய மாட்டோம்.

தரைத்தள ரூஃப் கான்கிரீட்டை ஜூலை இரண்டாம் வாரத்தில் போடத் திட்டமிட்டுள்ளோம். அதற்குப் பத்து நாள் முன்னதாக இணைப்புக் கிடைத்தால் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, தொட்டியை நிரப்பி வைக்க அவகாசம் இருக்கும். தள ஆய்வுக்கு எந்த நாள் வந்தாலும், காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மேஸ்திரி தளத்தில் இருப்பார். ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் மின் ஒப்பந்ததாரரும் வந்துவிடுவார். எங்கள் கைபேசி எண் இணையப் பதிவில் உள்ளது.

இணைப்புகள்:
இணையப் பதிவு ஒப்புகைச் சீட்டு
கிரயப் பத்திரம், கூட்டுப் பட்டா நகல்கள்
என் கணவரின் சம்மதக் கடிதம், இருவரின் ஆதார் நகல்கள்
பேரூராட்சித் திட்ட அனுமதியும் அங்கீகரித்த வரைபடமும்
காலிமனை வரி ரசீது
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணி நிறைவு மற்றும் சோதனை அறிக்கை (காப்புத்தடை, எர்த் அளவு, ஆர்.சி.சி.பி. சோதனை)
மீட்டர் தூண், எர்த் குழி, கம்பம் ஆகியவற்றைக் குறித்த கைவரைபடம்
பக்கத்து இணைப்பின் மின்கட்டண அட்டை நகல்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ம. செல்வராணி